பேலன்ஸ் இடிக்குதா? அந்த வித்தியாசத்தை ஒரே வரியில் அடைக்காதீங்க

பேங்க் ஸ்டேட்மென்ட் கையில வந்ததும் நாம பார்க்கிறது ரெண்டே விஷயம். சம்பளம் வந்திருக்கா, கடைசியில எவ்வளவு மிச்சம். நடுவுல ஒவ்வொரு வரிக்கும் வலது ஓரத்துல ஒரு பேலன்ஸ் இருக்கே, அதை யாரும் வரிசையா படிக்கிறதில்லை. ஆனா ஒரு ஸ்டேட்மென்ட் முழுசா இருக்கா, நடுவுல ஏதாவது உருவப்பட்டிருக்கான்னு சொல்லக்கூடிய சாட்சி அந்த ஒரு கட்டம்தான். முந்தின வரியோட பேலன்ஸ்ல இந்த வரியோட டெபிட்டைக் கழிச்சு, கிரெடிட்டைக் கூட்டினா இந்த வரியோட பேலன்ஸ் வரணும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இது ஒரு சங்கிலி. ஒரு பக்கம் காணாம போனாலோ, முன்னபின்ன மாறினாலோ சங்கிலி அந்த இடத்துல அறுந்துடும்.

அறுந்தா என்ன பண்றாங்க? என்கிட்ட வர்ற கோப்புகள்ல பாதிக்கு மேல ஒரே வைத்தியம்தான். வித்தியாசம் எவ்வளவுன்னு பார்த்து, அந்தத் தொகைக்கு "இதர செலவு"ன்னோ "சஸ்பென்ஸ்"னோ ஒரு வரி போட்டு கணக்கை நேர் பண்ணிடறாங்க. இதைச் செய்யறது சம்பளக்காரங்க மட்டும் இல்ல, எங்க தொழில்ல இருக்கிறவங்களும் அவசரத்துல செய்யறாங்க. என்னோட கருத்து இதுல ரொம்ப உறுதியானது: அந்த வித்தியாசம் ஒரு செலவோட தொகை இல்ல. காணாமப் போன பக்கத்துல வந்தது எல்லாம், போனது எல்லாம் கழிஞ்சு மிஞ்சின நிகரம். அதை ஒரு வரியா எழுதறது, ரெண்டு வார வாழ்க்கையை ஒரே ஒரு எண்ணா மாத்தி எழுதற மாதிரி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, சமீபத்துல கையாண்ட ஒரு கோப்பு. எண்களை மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்கேன், கதை அப்படியேதான்.

சென்னையில ஐடி வேலை, மாசம் 70,000 ரூபாய் கைக்கு வருது. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிச்சிருந்தார். ஏப்ரல் 1-ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் ஆறு மாச சம்பளக் கணக்கு ஸ்டேட்மென்ட் கேட்டாங்க. அவர் கிளையில பிரின்ட் எடுத்த 14 பக்கத்தை வீட்டுல ஃபோன்ல ஸ்கேன் பண்ணி, ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பிட்டார். பத்து நாள் கழிச்சு கடன் கொடுக்கிற இடத்துல இருந்து ஒரு கேள்வி: ஜூலை மாசம் பைக் லோன் இஎம்ஐ கட்டலையா? ஸ்டேட்மென்ட் ஏன் நடுவுல தொடரலை?

அவருக்கு ஒண்ணும் புரியலை. இஎம்ஐ ஒரு மாசம் கூடத் தவறினதே இல்ல. பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தப்போ காரணம் தெரிஞ்சுது. ஆறாவது பக்கத்தோட கடைசி வரி ஜூலை 9, பேலன்ஸ் 84,312.40. அடுத்த பக்கத்தோட முதல் வரி ஜூலை 24, யூபிஐ டெபிட் 450, பேலன்ஸ் 61,262.40. ஸ்கேன் பண்றப்போ ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு ஏழாவது பக்கம் விடுபட்டிருக்கு. இஎம்ஐ போறது ஒவ்வொரு மாசமும் 10-ஆம் தேதி. ஏப்ரல், மே, ஜூன் மாசங்கள்ல இருக்கு, ஆகஸ்ட், செப்டம்பர்லயும் இருக்கு, ஜூலையில மட்டும் இல்ல. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? இஎம்ஐ தவறின மாதிரி தெரியும். அதைவிட மோசமா, தவறினதை மறைக்கத்தான் அந்தப் பக்கத்தை உருவிட்டார்னு தெரியும். கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்தா ஜூலைக்கும் கட்டினது தெரிஞ்சிருக்கும்தான். ஆனா சந்தேகம் ஒரு தடவை வந்துட்டா கோப்பு நகராது.

இப்போ கணக்குக்கு வருவோம். ஜூலை 24 வரியில 450 போனதுக்கு அப்புறம் 61,262.40 இருக்குன்னா, போறதுக்கு முன்னாடி 61,712.40 இருந்திருக்கணும். அதாவது காணாமப் போன பக்கம் முடிஞ்சப்போ இருந்த பேலன்ஸ் 61,712.40. அந்தப் பக்கம் தொடங்கினப்போ 84,312.40. வித்தியாசம் 22,600 ரூபாய், குறைஞ்சிருக்கு.

அடுத்த பக்கத்தோட முதல் வரி பேலன்ஸை நேரா எடுத்து முந்தின பக்கத்தோட கடைசி பேலன்ஸ்ல இருந்து கழிக்கக் கூடாது. அப்படிக் கழிச்சா 23,050 வரும், அது தப்பு. முதல் வரியோட பரிவர்த்தனையை முதல்ல திருப்பிப் போட்டுட்டுத்தான் ஒப்பிடணும். இந்த ஒரு இடத்துல நிறைய பேர் சறுக்கறாங்க.

சரி, 22,600. அவரோட முதல் எண்ணம் என்ன தெரியுமா? "சார், இஎம்ஐ 14,200. மீதி 8,400 வீட்டுச் செலவா இருக்கும். நானே எக்செல்ல ரெண்டு வரி போட்டு பிடிஎஃப்ல சேர்த்துடவா?" எண் அழகா பொருந்துது இல்ல? அதுதான் ஆபத்து. பொருந்தற விளக்கம் எல்லாம் உண்மை கிடையாது.

நான் அவரைக் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். சில வங்கிகள் ஸ்டேட்மென்ட் முடிவுல ஒரு சுருக்கம் தருவாங்க: தொடக்க இருப்பு, மொத்த டெபிட், மொத்த கிரெடிட், எத்தனை டெபிட், எத்தனை கிரெடிட், கடைசி இருப்பு. இவரோட ஸ்டேட்மென்ட்ல அது இருந்தது. தொடக்க இருப்பு 42,180.40, மொத்த கிரெடிட் 5,74,500, மொத்த டெபிட் 5,61,340, கடைசி இருப்பு 55,340.40. முதல் ரெண்டைக் கூட்டி மூணாவதைக் கழிச்சா நாலாவது வருது, சுருக்கம் சரி. அடுத்து, கையில இருக்கிற 13 பக்கத்தோட டெபிட், கிரெடிட்டைத் தனித்தனியா கூட்டச் சொன்னேன். டெபிட் 3,87,540 வந்தது. கிரெடிட் 4,23,300.

டெபிட்ல குறையறது 1,73,800. கிரெடிட்ல குறையறது 1,51,200. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் அந்த 22,600.

அதாவது "22,600 செலவு"ன்னு நினைச்ச அந்த ஒரு பக்கத்துல ஒன்றரை லட்சத்துக்கு மேல உள்ள வந்திருக்கு, ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் பக்கமா வெளிய போயிருக்கு. அவருக்கு அப்பதான் ஞாபகம் வந்துது. ஜூலை நடுவுல அப்பா ஊர்ல இருந்து 1,50,000 நெஃப்ட்ல போட்டிருக்கார். மறுநாளே அந்தப் பணம் அப்படியே வீடு கட்டித் தர்றவருக்கு முன்பணமா போயிருக்கு. அப்புறம் இஎம்ஐ 14,200, சில்லறைச் செலவுகள் 9,600, ஒரு ஆன்லைன் ஆர்டர் ரத்தானதுல திரும்பி வந்தது 1,200. கூட்டிக் கழிச்சுப் பாருங்க, 22,600 சரியா வரும். அவர் யூகிச்ச 14,200-ம் 8,400-ம் கூட இதே 22,600 தான். ரெண்டு கதைக்கும் விடை ஒண்ணு. அதனாலதான் நிகரத்தை வச்சு கதை எழுதக் கூடாதுங்கறேன்.

அந்த ஒரு பக்கத்துல என்னென்ன இருந்துதுன்னு யோசிச்சுப் பாருங்க. இஎம்ஐ ஒழுங்கா கட்டினதுக்கு ஆதாரம். வீட்டு விலையில தன் பங்கைக் கட்டினதுக்கு ஆதாரம், இது கடன் கொடுக்கிறவங்க கட்டாயம் கேட்கிற விஷயம். அப்பா கொடுத்த பணம் வந்த தடம். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கிற பணத்துக்கு வாங்கினவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஆனா அது அப்பாகிட்ட இருந்துதான் வந்ததுன்னு நாளைக்கு யாராவது கேட்டா காட்டணுமே. அவருக்கு ரொம்பத் தேவையான பக்கமே அதுதான், அது மட்டும் இல்லாம அனுப்பியிருக்கார்.

இப்போ அந்த "நானே ரெண்டு வரி போட்டுடவா" விஷயம். நல்ல எண்ணத்துல கேட்டார்னு எனக்குத் தெரியும். ஆனா வங்கி கொடுத்த ஆவணத்துக்குள்ள வங்கி அச்சடிக்காத ஒரு வரி வந்தா அது போலி ஆவணம், அவ்வளவுதான். வரி உண்மையா இருந்தாலும் சரி. உங்க எக்செல் உங்க வேலைக்கு. அதுல என்ன குறிப்பு வேணாலும் எழுதிக்கோங்க, அது வங்கியோட பேப்பரா வேஷம் போடக் கூடாது. இப்பல்லாம் கடன் கொடுக்கிற நிறைய இடங்கள்ல ஸ்டேட்மென்ட்டை மனுஷன் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மென்பொருள் படிக்குது. அது முதல்ல சரிபார்க்கிற விஷயங்கள்ல ஒண்ணு இதே பேலன்ஸ் சங்கிலி. பக்கம் விடுபட்டாலும், யாரோ திருத்தினாலும் அதுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களே சரிபார்த்துடுங்க. நெட் பேங்கிங்ல எக்செல் கோப்பா டவுன்லோடு பண்ண வசதி இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. A காலத்துல தேதி, B-ல விவரம், C-ல டெபிட், D-ல கிரெடிட், E-ல பேலன்ஸ், முதல் வரி தலைப்பு, தரவு ரெண்டாவது வரியில தொடங்குதுன்னு வச்சுக்கோங்க. பழைய தேதி மேல, புதுசு கீழன்னு இருந்தா F3-ல இதைப் போட்டு கீழ வரைக்கும் இழுங்க:

```
=ROUND(E3-(E2-C3+D3),2)
```

எல்லா வரியிலயும் 0 வந்தா சங்கிலி அறுபடலை. எங்கயாவது 0 இல்லாம ஒரு எண் வந்தா, அந்த வரிக்கும் அதுக்கு மேல இருக்கிற வரிக்கும் நடுவுலதான் ஓட்டை. எண் மைனஸ்ல வந்தா விடுபட்ட பகுதியில பணம் குறைஞ்சிருக்கு, ப்ளஸ்ல வந்தா கூடியிருக்கு. மேல சொன்ன கோப்புல ஜூலை 24 வரியில -22600 வந்தது, மத்த எல்லாம் 0.

சில வங்கிகள் புதுத் தேதியை மேல வச்சுத் தருவாங்க. அப்போ சங்கிலி கீழிருந்து மேல ஓடும். அதுக்கு F2-ல இது:

```
=ROUND(E2-(E3-C2+D2),2)
```

இதுல கடைசி வரிக்குக் கீழ வரி இல்லாததால அங்க வர்ற எண்ணைக் கண்டுக்காதீங்க. பேலன்ஸ் கட்டத்துல "Cr"ன்னு எழுத்து ஒட்டியிருந்தாலோ, காலியா தெரியற கட்டத்துல ஒரு ஸ்பேஸ் ஒளிஞ்சிருந்தாலோ #VALUE! வரும். அது ஓட்டை இல்ல, எழுத்தை எடுத்துட்டா சரியாயிடும்.

இங்க ஒரு பொறி இருக்கு. புதுசு மேல இருக்கிற ஸ்டேட்மென்ட்டைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க தேதியைத் தேர்ந்தெடுத்து Sort Oldest to Newest அழுத்திடுவாங்க. தேதி ஒழுங்கா வந்துடும், பேலன்ஸ் கண்டபடி உடையும். காரணம், எக்செல் தேதியை மட்டும்தான் பார்க்குது. ஒரே நாள்ல அஞ்சு யூபிஐ இருந்தா, அந்த அஞ்சும் முன்ன இருந்த மாதிரியே கடைசியா நடந்தது மேலயும் முதல்ல நடந்தது கீழயும் நிக்கும். பக்கம் எதுவும் காணாம போகலை, நாமதான் வரிசையைக் கலைச்சோம். அடையாளம் சுலபம்: உடைப்பு ஒண்ணு ரெண்டு இடத்துல இல்லாம கோப்பு முழுக்க சிதறிக் கிடக்கும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு பரிவர்த்தனை நடந்த நாட்கள் மட்டும் அடுத்தடுத்து வர்ற இடத்துல 0 இருக்கும். பழைய கோப்பை மறுபடி திறந்து, முதல்ல ஒரு காலத்துல 1, 2, 3-ன்னு வரிசை எண் போட்டு, அந்த எண்ணைத் தலைகீழா அடுக்குங்க. தேதியைத் தொடவே வேண்டாம்.

காகிதமோ ஸ்கேனோ மட்டும்தான் இருக்குன்னா ஒவ்வொரு வரியையும் பார்க்க வேண்டாம், பக்கங்கள் சேர்ற இடத்தை மட்டும் பார்த்தா போதும். ஒரு பேப்பர்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் ரெண்டு எண் எழுதுங்க: பக்கம் தொடங்கறப்போ இருந்த பேலன்ஸ், அதாவது முதல் வரியைத் திருப்பிப் போட்டது, அப்புறம் பக்கத்தோட கடைசி பேலன்ஸ். முந்தின பக்கத்தோட ரெண்டாவது எண்ணும் அடுத்த பக்கத்தோட முதல் எண்ணும் ஒண்ணா இருக்கணும். 14 பக்கத்துக்கு 13 இணைப்புதான். எனக்கு இதுல ஒரு பழைய ஆதங்கம் உண்டு. ஒவ்வொரு பக்கத்தோட மேலயும் "முன்பக்க இருப்பு", கீழ "அடுத்த பக்கத்துக்கு"ன்னு அச்சடிச்சா இந்த வேலையே மிச்சம். சில வங்கிகள் செய்யறாங்க, பல வங்கிகள் செய்யறதில்லை.

பக்கம் காணாம போச்சா, வெறுமனே இடம் மாறிடுச்சான்னு எப்படிப் பிரிக்கிறது? தேதி பின்னோக்கிப் போனா இடம் மாறியிருக்கு, அது கண்ணுக்கே தெரியும். ஆனா இடம் மாறினதோட கூடவே ஒரு பக்கம் காணாமலும் போயிருக்கலாமே? அதுக்கு ஒரு சோதனை. நாலாவது பக்கம் 50,000-ல முடியுது, அஞ்சாவது 38,000-ல, ஆறாவது 72,000-ல முடியுதுன்னு வச்சுக்கோங்க. நீங்க 4, 6, 5, 7-ன்னு அடுக்கிட்டீங்க. நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல 12,000 குறையும். ஆறுக்கும் அஞ்சுக்கும் நடுவுல 22,000 குறையும். அஞ்சுக்கும் ஏழுக்கும் நடுவுல 34,000 கூடும். மூணையும் கூட்டினா பூஜ்யம். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் அதது இடத்துல இருக்கிற வரைக்கும், வெறும் இடமாற்றமா இருந்தா உடைப்புகள் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் பூஜ்யத்துல முடியும். மிச்சம் ஏதாவது நின்னா, ஒண்ணு காணாம போயிருக்கு, இல்ல ஒரே பக்கம் ரெண்டு தடவை ஸ்கேன் ஆகியிருக்கு. ரெண்டு தடவை ஆனதா இருந்தா அதே தேதிகள் மறுபடி வரும், உங்க கூட்டல் வங்கியோட சுருக்கத்தைவிட அதிகமா வரும். காணாம போயிருந்தா குறைவா வரும்.

"பக்கத்துக்குக் கீழதான் Page 7 of 14-னு போட்டிருக்கே, அதைப் பார்த்தா போதாதா?"ன்னு கேட்பீங்க. இருந்தா நல்லது, முதல்ல அதைப் பாருங்க. ஆனா ஃபோன் ஸ்கேன்ல பக்கத்தோட அடி ஓரம் வெட்டுப்பட்டுப் போறது சகஜம். மூணு மாசம் மூணு மாசமா ரெண்டு கோப்பு எடுத்துச் சேர்த்திருந்தா பக்க எண் ரெண்டு தடவை 1-ல தொடங்கும். அப்போ பக்க எண் சரியா இருந்தும் நடுவுல ஒரு நாள் விழுந்திருக்கலாம்.

இந்த ஒரு நாள் விஷயம் சின்னதா தெரியும், ஆனா அடிக்கடி மாட்டறது இதுலதான். முதல் கோப்பை ஜூன் 30 மதியம் டவுன்லோடு பண்ணியிருப்பீங்க, அதுல அன்னிக்கு மதியம் வரைக்கும்தான் இருக்கும். அடுத்ததை ஜூலை 1-ல இருந்து எடுப்பீங்க. நடுவுல ஜூன் 30 சாயங்காலம் காணோம். நிறைய வங்கிகள்ல சேமிப்புக் கணக்கு வட்டி வரவாகிறது அந்தக் காலாண்டு முடிவுலதான். உடைப்பு ரொம்பச் சின்னதா, 300, 400-ன்னு இருக்கும், நாமளும் ஏதோ சார்ஜ்னு விட்டுடுவோம். ஆனா அந்த வட்டி உங்க ஏஐஎஸ்ல இருக்கும், ரிட்டர்ன்ல நீங்க ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துப் போட்ட வட்டியில இருக்காது. அதனால முடிஞ்சா மொத்த காலத்தையும் ஒரே கோப்பா எடுங்க. காலம் முடிஞ்சு ரெண்டு நாள் ஆனதுக்கு அப்புறம் எடுங்க.

சங்கிலிக்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிடறேன். முதல் பக்கமோ கடைசிப் பக்கமோ காணாம போனா எந்த இணைப்பும் உடையாது, மிச்சம் இருக்கிறது எல்லாம் பொருந்தும். தலைப்புல போட்டிருக்கிற காலமும் முதல், கடைசி வரியோட தேதியும் ஒத்துப் போகுதா, தொடக்க இருப்பும் கடைசி இருப்பும் சுருக்கத்தோட ஒத்துப் போகுதான்னு தனியா பார்க்கணும். இன்னொண்ணு, விடுபட்ட பக்கத்துல வரவும் செலவும் கிட்டத்தட்ட சமமா இருந்தா உடைப்பு 35 ரூபாயாகக் கூட இருக்கலாம். மேல சொன்னவரோட இஎம்ஐயும் சில்லறைச் செலவும் அந்தப் பக்கத்துல இல்லாம இருந்திருந்தா, 1,50,000 வந்து 1,50,000 போன பக்கத்துக்கு அந்த ரீஃபண்ட் 1,200 மட்டும்தான் உடைப்பா தெரிஞ்சிருக்கும். அதனால உடைப்பு எவ்வளவு சின்னதுன்னு பார்த்து விட்டுடாதீங்க. டெபிட் மொத்தம், கிரெடிட் மொத்தம், எண்ணிக்கை, இந்த மூணையும் சுருக்கத்தோட ஒப்பிட்டாத்தான் விடுபட்டது எவ்வளவு பெருசுன்னு தெரியும். சுருக்கம் தராத வங்கியா இருந்தா வேற வழி இல்ல, புது ஸ்டேட்மென்ட் எடுக்கிறதுதான்.

உடைப்பு எங்கன்னு தெரிஞ்சாச்சு. அப்புறம்? விடுபட்ட ஒரு பக்கத்தை மட்டும் புதுசா எடுத்து நடுவுல செருகாதீங்க. எண்கள் பொருந்தும், ஆனா புது பிரின்ட்ல பக்கம் பிரியற இடம் மாறியிருக்கலாம், எடுத்த தேதி வேறயா இருக்கும், பார்க்கிறவருக்கு ஒட்டுப்போட்டது தெரியும். அந்த ஆறு மாசத்துக்கும் முழு ஸ்டேட்மென்ட்டை மறுபடி நெட் பேங்கிங்ல இருந்து பிடிஎஃப்பா எடுத்து, தொடாம, வெட்டாம, பிரின்ட் பண்ணி மறுபடி ஸ்கேன் பண்ணாம அப்படியே அனுப்புங்க. கூடவே நாலு வரி: முன்னாடி அனுப்பினதுல ஜூலை 10-லிருந்து 24 வரைக்கும் உள்ள பக்கம் ஸ்கேன்ல விடுபட்டது, இது முழுமையானது, இதையே எடுத்துக்கோங்கன்னு. நம்ம ஆளு அதைத்தான் செஞ்சார், கூடவே அப்பா பணம் போட்டதுக்கும் முன்பண ரசீதுக்கும் ஒரு வரி விளக்கம் சேர்த்தார். இஎம்ஐ கேள்வி அத்தோட முடிஞ்சுது.

அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழியா தரலாம்னு கடன் கொடுக்கிறவங்க சொன்னா எனக்கு அது இன்னும் பிடிக்கும். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற அமைப்பு வழியா, நீங்க ஒப்புதல் கொடுத்த காலத்துக்கு மட்டும் தரவு நேரா வங்கியில இருந்து போகும். பக்கமே கிடையாது, அதனால காணாம போறதுக்கும் எதுவும் இல்ல. ஒப்புதல் எவ்வளவு காலத்துக்குன்னு மட்டும் படிச்சுட்டு அழுத்துங்க.

பழைய வருஷத்து ஸ்டேட்மென்ட் நெட் பேங்கிங்ல வரலைன்னா கிளையில எழுத்துல கேளுங்க, சீல் வச்ச நகல் தருவாங்க, அதுக்குக் கட்டணம் இருக்கலாம். கணக்கை மூடிட்டாலும் கேட்கலாம். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டப்படி பரிவர்த்தனைப் பதிவுகளை வங்கிகள் அந்தப் பரிவர்த்தனை நடந்த தேதியிலிருந்து குறைஞ்சது 5 வருஷம் வச்சிருக்கணும். "பழசு, இல்ல"ன்னு கவுன்டர்ல சொன்னா, இதைச் சொல்லி, கடிதத்துக்கு ஒப்புகை வாங்கிக்கோங்க.

அதையும் தாண்டின பழசுன்னா, யூபிஐ ஆப்ல இருக்கிற வரலாறு, வங்கி அனுப்பின எஸ்எம்எஸ், பாஸ்புக், பணம் அனுப்பினவரோட ஸ்டேட்மென்ட், இதையெல்லாம் வச்சு அந்த ரெண்டு வாரத்தை நீங்களே திரும்பக் கட்டலாம். தனிப் பேப்பர்ல, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எது ஆதாரம்னு எழுதி, தலைப்புலயே "வங்கி ஸ்டேட்மென்ட் அல்ல, நான் தயாரித்தது"ன்னு போடுங்க. வரிசையாப் போட்டுட்டு வந்து கடைசியில 61,712.40 மாதிரி அடுத்த பக்கத்தோட தொடக்கத்துல போய் நிக்கணும். நிக்கலைன்னா எவ்வளவு குறையுதோ அதை "விவரம் கிடைக்கவில்லை"ன்னே எழுதிடுங்க, அந்த இடத்துலயும் ஒரு "இதர செலவு" போட்டு மூடாதீங்க.